தீர்ப்பு வந்தாச்சு, பணம் வரலையா? எதிராளி நிறுவனத்தின் கணக்கையும் சரக்கையும் ஜப்தி செய்வது எப்படி?

கேஸ் ஜெயிச்சாச்சு, தீர்ப்பு நகலும் கையில இருக்கு. ஆனா எதிராளி பணம் தரமாட்டேங்கிறார். நீதிமன்றமே வசூல் பண்ணித் தராதா? தராது. ஜெயித்தவர்தான் நிறைவேற்று மனு போட வேண்டும். வக்கீல்கள் இதைச் சுருக்கமாக ‘இ.பி.’ என்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ம் ஆணைதான் இதற்கு அடிப்படை. ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

ஈரோட்டில் ஒரு நூல் வியாபாரி. துணி தயாரிக்கும் கூட்டாண்மை நிறுவனம் ஒன்று அவருக்கு 6,00,000 ரூபாய் தர வேண்டும், அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்று தீர்ப்பாணை கிடைத்தது. 20 மாதம் கழித்து மனு போடுகிறார். வட்டி 60,000 சேர்த்து, செலவுத்தொகை நீங்கலாக, 6,60,000 ரூபாய் வர வேண்டும்.

எப்போ மனு போடணும்?

சட்டப்படி 12 ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆனால் தீர்ப்பாணை வந்து 2 ஆண்டு தாண்டிவிட்டால், பொதுவாக எதிராளிக்கு முதலில் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸ் கைக்குப் போனதுமே கணக்கிலிருந்து பணம் காலியாகலாம், குடோனும் காலியாகலாம். அதனால்தான் நம்ம வியாபாரி 20-வது மாதத்திலேயே மனு போட்டுட்டார்.

வங்கிக் கணக்கு: எல்லாக் கணக்கும் ஒன்றல்ல

கிளை, கணக்கு விவரத்தோடு கேட்டால், அந்தப் பணத்தைக் கடனாளிக்குத் தரக்கூடாது என்று நீதிமன்றம் வங்கிக்குத் தடை உத்தரவு அனுப்பும். அடுத்து, பணத்தை நீதிமன்றத்தில் கட்டு, இல்லையேல் காரணம் சொல் என்று நோட்டீஸ் போகும்.

இந்த நிறுவனத்துக்கு இரண்டு கணக்குகள். நடப்புக் கணக்கில் 1,40,000 ரூபாய் இருந்தது. அதை வங்கி கட்டிவிட்டது. இன்னொன்று கேஷ் கிரெடிட் கணக்கு. 25 லட்சம் வரை எடுக்கலாம், 22 லட்சம் எடுத்தாச்சு. மீதி 3 லட்சத்தைப் பிடிக்கலாமே என்று தோன்றும். முடியாது. அது வங்கி கொடுக்க ஒப்புக்கொண்ட கடன் வரம்புதானே தவிர, நிறுவனத்தின் பணம் இல்லை. வங்கி யாருக்குக் கடன்பட்டிருக்கிறதோ, அவருடைய பணத்தைத்தான் பிடிக்க முடியும்.

குடோன் சரக்கு

பேட்டா கட்டினால் அமீனா நேரில் போய், சரக்கைப் பட்டியலிட்டுக் கைப்பற்றுவார். சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் வீட்டுக்குள் நுழையக்கூடாது.

இங்கே குடோனில் சுமார் 10 லட்சம் ரூபாய் துணி இருந்தது. உடனே வங்கி ஆட்சேப மனு போட்டது. கேஷ் கிரெடிட்டுக்கு ஈடாக இந்தச் சரக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றது. ஆவணம் சரியாக இருந்ததால் வங்கிக்கே முன்னுரிமை. வங்கிக்கு 22 லட்சம் பாக்கி, சரக்கோ 10 லட்சம். வியாபாரிக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. எனவே ஜப்திக்குச் செலவு செய்வதற்கு முன்பே, சரக்கு வங்கி ஈட்டில் இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. எதிராளி கம்பெனியாக இருந்தால், கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள பதிவிலேயே இதைப் பார்க்கலாம்.

கடனாளி என்னென்ன சொல்லலாம்?

‘நூல் தரமா இல்லை’ என்று நிறுவனம் சொன்னது. எடுபடவில்லை. அதை அசல் வழக்கில் சொல்லியிருக்க வேண்டும். நிறைவேற்றும் நீதிமன்றம் தீர்ப்பாணைக்குப் பின்னால் போகாது.

‘2 லட்சத்தை ரொக்கமா கொடுத்துட்டோம்’ என்றது. வெளியே கொடுத்த பணத்தை 30 நாளுக்குள் நீதிமன்றத்தில் மனு போட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். எழுத்து ஆதாரமும் வேண்டும், இல்லையேல் எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவாகாத பணத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது.

‘மேல்முறையீடு போட்டிருக்கோம்’ என்றது. மேல்முறையீடு போட்டாலே தடை வந்துவிடாது. தனியாகத் தடை உத்தரவு வாங்க வேண்டும்.

ஆனால் கணக்கீட்டில் தவறு, காலவரம்பு தாண்டியது போன்ற ஆட்சேபங்களை 47-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் கட்டாயம் கேட்கும்.

மீதி 5,20,000?

சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரச் சொல்லி வியாபாரி கேட்டார். உத்தரவிட்ட பிறகும் தராவிட்டால் 3 மாதம் வரை சிவில் சிறை உண்டு. கூடவே, அசல் வழக்கில் கூட்டாளி ஒருவருக்குத் தனியாக, கூட்டாளி என்ற முறையிலேயே சம்மன் சார்பு செய்யப்பட்டிருந்தது. எனவே அவரது சொந்தக் காலி மனையையும் ஜப்தி செய்யக் கேட்க முடிந்தது. மனை ஏலத்துக்குப் போகும் என்றதும், தவணையில் கட்டுகிறோம் என்று நிறுவனம் இறங்கி வந்தது.

அந்த ஒரு சம்மன் இல்லாவிட்டால், கூட்டாளியின் சொத்தைத் தொட நீதிமன்றத்தின் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஆக, நிறுவனத்தின் மேல் வழக்குப் போடும் அன்றே ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனியாகச் சம்மன் போகிறதா என்று உங்க வக்கீலிடம் கேட்டுடுங்க.