சிறு உணவகச் சமையலறைப் பாதுகாப்பு

சிறு உணவகச் சமையலறைப் பாதுகாப்பு என்பது சில பேர் மட்டுமே வேலை செய்யும் சமையலறைகளில் தீ, தீப்புண், வெட்டுக்காயம் ஆகியவை நேராமல் தடுப்பதற்கும், நேர்ந்தால் முதலுதவி அளிப்பதற்கும், அவற்றைப் பதிவு செய்வதற்கும் கைக்கொள்ளப்படும் எளிய பழக்கங்களைக் குறிக்கும். இத்தகைய சமையலறைகளில் இடம் குறைவு. அடுப்பு, மாவுப் பாத்திரம், கழுவுமிடம் ஆகியவை கைக்கெட்டும் தொலைவில் நெருங்கி அமைந்திருக்கும். எனவே கொதிக்கும் எண்ணெயும் தண்ணீரும் எப்போதும் அருகருகே இருக்கின்றன. இங்கு ஏற்படும் விபத்துகள் பலவற்றுக்கு இந்த நெருக்கமே காரணமாகிறது. இக்கட்டுரை வடை, பஜ்ஜி போன்ற பலகாரங்கள் பொரிக்கும் வாணலியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பழக்கங்களை விளக்குகிறது.

## எண்ணெயும் தண்ணீரும்

பலகாரம் பொரிக்கும் எண்ணெய் பொதுவாக 170 முதல் 190 பாகை செல்சியசு வரை சூடாக இருக்கும். தண்ணீர் 100 பாகையில் கொதித்துவிடும். தண்ணீர் எண்ணெயை விட அடர்த்தி மிகுந்தது. ஆகவே எண்ணெயில் விழும் நீர்த்துளி மிதக்காமல் மூழ்கி, உள்ளேயே நொடிப்பொழுதில் நீராவியாகிறது. அப்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1700 மடங்கு பெருகும். அந்த நீராவி மேலெழும்போது சுற்றியுள்ள எண்ணெயையும் தூக்கி வீசுகிறது. ஈரக் கரண்டியை வாணலியில் இட்டால் எண்ணெய் தெறிப்பதற்கு இதுவே காரணம். சீடை வெடிப்பதும் இதே முறையில்தான். மேல் ஓடு இறுகிய பின் உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி, வெளியேற வழியின்றி ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது.

## எண்ணெய்த் தீ

வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு அகன்றால் எண்ணெயின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். சுத்திகரித்த எண்ணெய்கள் பல 230 பாகையை ஒட்டிப் புகையத் தொடங்குகின்றன. மேலும் சூடாகி ஏறத்தாழ 350 பாகையை எட்டும்போது, சுடர் எதுவும் படாமலேயே எண்ணெய் தானாகத் தீப்பற்றக் கூடும். பலமுறை பயன்படுத்திய எண்ணெய் இதை விடக் குறைந்த வெப்பத்திலேயே புகையும். மெல்லிய நீலப் புகையும் தொண்டையை அரிக்கும் நெடியும் முன்னறிவிப்புகள் ஆகும். அவை தோன்றிய உடனே அடுப்பை அணைத்து, வாணலியை இருந்த இடத்திலேயே ஆறவிட வேண்டும்.

தீப்பற்றிய எண்ணெயில் தண்ணீர் ஊற்றுவது மிகவும் ஆபத்தானது. 100 மில்லிலிட்டர் தண்ணீர், அதாவது ஒரு சிறு குவளை அளவு, சுமார் 170 லிட்டர் நீராவியாக மாறுகிறது. அது எரியும் எண்ணெயை நுண்துளிகளாக மேலே வீசுவதால், வாணலிக்குள் இருந்த தீ கூரை வரை எழும் தீப்பிழம்பாகிறது. எரியும் வாணலியைத் தூக்கி வெளியே கொண்டுபோக முயல்வதும் கூடாது. எண்ணெய் தளும்பித் தூக்குபவர் மேலேயே கொட்டும். தீயின் மீது மாவை அள்ளிப் போடும் வழக்கமும் தவறானது, ஏனெனில் காற்றில் பரவிய மாவும் எரியும்.

தீ வாணலிக்குள் மட்டும் இருக்கும்போது பின்வரும் முறையைக் கையாளலாம்:

1. சுடரின் குறுக்கே கை நீட்டாமல் முடியுமானால் எரிவாயுவை அணைக்க வேண்டும். உருளையின் அடைப்பிதழ் அடுப்புக்குப் பின்னால் இல்லாமல் எளிதில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டுவது இதற்காகவே.
2. வாணலியின் வாயை விட அகலமான உலோக மூடியை முன்னால் பிடித்து, தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக நகர்த்தி மூட வேண்டும். மேலிருந்து போட்டால் சுடர் பக்கவாட்டில் வீசும்.
3. மூடியைக் குறைந்தது அரை மணி நேரம் திறக்கக் கூடாது. எண்ணெய் சூடாக இருக்கும்போதே திறந்தால் ஆக்சிசன் பட்டு மீண்டும் பற்றிக்கொள்ளும்.

இந்த மூடியைச் சமையலறையின் வாயிற்பக்கச் சுவரில் மாட்டி வைப்பது நல்லது. அடுப்புக்கு மேலே மாட்டினால் தேவைப்படும் நேரத்தில் எடுக்க இயலாது. தீ சுவருக்கோ கூரைக்கோ பரவிவிட்டால் அணைக்க முயலாமல் அனைவரும் வெளியேறி, கதவைச் சாத்தி, தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும். இந்தியாவில் இதற்கான எண்கள் 101, 112 ஆகும்.

தீயணைப்பான்கள் எல்லாம் எண்ணெய்த் தீக்கு ஏற்றவை அல்ல. கரியமில வாயு தீயணைப்பான் சுடரை அணைத்தாலும் எண்ணெயைக் குளிர்விப்பதில்லை. அதன் விசை எண்ணெயைச் சிதறடிக்கவும் கூடும். சமையல் எண்ணெய்த் தீக்கென உள்ள ஈர வேதித் தீயணைப்பானில் பொட்டாசியம் உப்புகளின் கரைசல் இருக்கும். அது சூடான எண்ணெயுடன் வினைபுரிந்து சோப்பு போன்ற நுரைப்படலத்தை உண்டாக்கி, காற்றைத் தடுத்து, எண்ணெயையும் குளிர்விக்கிறது.

## தீப்புண்ணுக்கு முதலுதவி

தோலில் பட்ட எண்ணெயைத் துடைத்துவிட்டாலும் தோலின் உட்பகுதியில் தங்கிய வெப்பம் திசுக்களைத் தொடர்ந்து அழிக்கிறது. முதலுதவியின் நோக்கம் இவ்வெப்பத்தை வெளியேற்றுவதாகும். புண்பட்ட இடத்தில் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடங்கள் விட வேண்டும். உடனே தொடங்குவது சிறந்தது. மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கினாலும் பயன் உண்டு. குழாய் இல்லாத இடத்தில், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் மெல்ல ஊற்றினால் 20 லிட்டர் குடிநீர்க் கலன் ஒன்றே போதும். கோடை நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் சுடக்கூடும் என்பதால் முதலில் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நீர் ஊற்றும்போதே மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்த பின் அவை இறுகிக்கொள்ளும். எண்ணெயில் நனைந்த உடையை நீக்க வேண்டும். தோலுடன் ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கக் கூடாது. 20 நிமிடங்களுக்குப் பின் புண்ணை நூலிழை ஒட்டாத தூய துணியாலோ உணவு மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாலோ மூடலாம். தாளைச் சுற்றிக் கட்டாமல் மேலே பரப்ப வேண்டும்.

பற்பசை, பேனா மை, இட்லி மாவு, நெய் ஆகியவற்றைப் பூசும் வழக்கம் பரவலாக உள்ளது. இவை வெப்பத்தை வெளியேற்றுவதில்லை. புண்ணின் ஆழத்தை மருத்துவர் காண்பதற்கும் தடையாகின்றன. பனிக்கட்டி இரத்தக் குழாய்களைச் சுருக்கித் திசுக்களுக்கு மேலும் கேடு விளைவிக்கும். கொப்புளங்களை உடைக்கக் கூடாது.

பின்வரும் நிலைகளில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

* புண், பாதிக்கப்பட்டவரின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கையை விடப் பெரிதாக இருத்தல்
* முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் புண் இருத்தல்
* தோல் வெளுத்தோ கருகியோ காணப்படுதல்
* புகையைச் சுவாசித்திருத்தல்

வெளுத்த புண்ணில் வலி இல்லாதிருந்தால் அது நல்ல அறிகுறி அன்று. நரம்பு முனைகள் அழிந்திருப்பதையே அது காட்டுகிறது.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். தொங்கும் முந்தானை, துண்டு ஆகியவற்றை அடுப்பருகே செல்லுமுன் செருகிக்கொள்வது இதைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.

## வெட்டுக்காயம்

மழுங்கிய கத்தியை அழுத்திப் பயன்படுத்த வேண்டியிருப்பதால் அது வழுக்கும்போது ஆழமாக வெட்டும். கைதவறி விழும் கத்தியைப் பிடிக்க முயலாமல் விலகிக்கொள்ள வேண்டும். சோப்பு நீர் நிறைந்த தொட்டியில் கத்தியைப் போட்டு வைக்கக் கூடாது, ஏனெனில் அடுத்துக் கழுவுபவருக்கு அது தெரியாது. வேலை முடிந்ததும் அரிவாள்மனையை மடக்கி வைக்க வேண்டும். மடக்க இயலாததைச் சுவரோரமாக, அலகு சுவரை நோக்கி இருக்குமாறு வைக்கலாம்.

சிறு வெட்டை ஓடும் நீரில் கழுவித் தூய துணியால் அழுத்த வேண்டும். இரத்தம் மிகுதியாக வந்தால் கழுவக் காத்திராமல் உடனே அழுத்த வேண்டும். இடையில் திறந்து பார்க்காமல் பத்து நிமிடங்கள் தொடர்ந்து அழுத்துவது இன்றியமையாதது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உறையத் தொடங்கிய இரத்தம் கலைந்துவிடும். அதன் பிறகும் நிற்கவில்லை என்றாலோ, விரல் மரத்துப் போனாலோ, விரலை மடக்க முடியவில்லை என்றாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். உணவகங்களில் நீல நிற ஒட்டுக்கட்டு பயன்படுத்தப்படுவது, அது கழன்று உணவில் விழுந்தால் உடனே கண்ணில் படும் என்பதற்காகும்.

## காயப் பதிவேடு

காயப் பதிவேட்டுக்குக் கோடிட்ட குறிப்பேடு ஒன்று போதும். நாள், நேரம், காயமுற்றவர், செய்துகொண்டிருந்த வேலை, காயத்தின் இடமும் அளவும், செய்த முதலுதவி, காரணம், பின்னர் செய்த மாற்றம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். காயமின்றித் தப்பிய நிகழ்வுகளையும் எழுதுவது பயன் தரும்.

எடுத்துக்காட்டாக, ஐந்து பேர் வேலை செய்யும் ஓர் உணவகத்தில் இரண்டு மாதங்களில் ஆறு காயங்கள் நேர்ந்தன எனக் கொள்வோம். அவற்றுள் இரண்டு வெட்டுக்காயங்கள், நான்கு எண்ணெய் தெறித்த புண்கள். நான்கிலும் "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதியிருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. மாறாக, "மாலை 5.10, முதல் ஈடு வடையைத் திருப்பும்போது, வலது முன்கையில் இரண்டு துளிகள்" என்ற அளவில் எழுதியிருந்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். நான்கும் மாலை ஐந்து மணியை ஒட்டி, முதல் ஈட்டின்போது, வெவ்வேறு ஆட்களுக்கு நேர்ந்தவை. அந்நேரத்தில் நடப்பதைக் கவனித்தால், மதிய வேலைக்குப் பின் கழுவிய ஜல்லிக்கரண்டி துளைகளில் நீருடன் நேராக வாணலிக்கு வருவது தெரிகிறது. இரண்டாவதாக ஒரு கரண்டி வாங்கி, ஒன்று உலரும்போது மற்றொன்றைப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வாகும். அம்மாற்றத்தையும் நாளிட்டு எழுதினால், அடுத்த மாதப் பதிவுகளைக் கொண்டு அது பயனளித்ததா என அறியலாம்.

பதிவுகள் குறைவதாலேயே காயங்கள் குறைந்துவிட்டன என்று கொள்ள இயலாது. பதிவேட்டைக் கொண்டு ஊதியத்தைப் பிடிப்பதோ கண்டிப்பதோ நிகழ்ந்தால் எவரும் எழுத மாட்டார்கள். இதைச் சோதிக்க முதலுதவிப் பெட்டி உதவும். மாதத் தொடக்கத்தில் இருபது ஒட்டுக்கட்டுகள் இருந்து, முடிவில் எட்டு மட்டும் எஞ்சியிருக்க, பதிவேட்டில் மூன்று காயங்களே காணப்பட்டால், எழுதப்படாத காயங்கள் இருக்கின்றன என ஊகிக்கலாம். ஆகவே பெட்டியை நிரப்பும் நாளிலேயே பதிவேட்டையும் படித்துப் பார்ப்பது வசதியான பழக்கமாகும்.