அலுவல் அறையில் விருந்தினர் படுக்கை

வீட்டிலிருந்தே வேலை செய்யும் அறையை, ஆள் வந்தால் மட்டும் படுக்கையறையாக்கும் ஏற்பாடு இது. சோபா கம் பெட், சுவரோடு மடங்கும் கட்டில் என இரண்டு வழிகள் உண்டு. சுவர்க்கட்டிலைப் பரவலாக்கியவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் மர்ஃபி. 1910களின் தொடக்கத்தில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் இன்று எல்லாச் சுவர்க்கட்டில்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அமெரிக்க நீதிமன்றமும் 1989-இல் அதை ஏற்றுக்கொண்டது.

கடையில் மூடிய நிலையில் பார்த்து வாங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. அளக்க வேண்டியது விரித்த கட்டிலை. பத்துக்குப் பத்தடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சுவரோரம் இரண்டடி அகல மேசை, கட்டில் எதிர்ச்சுவரில். முன்பக்கம் இழுத்து விரிக்கும் சோபா சுவரிலிருந்து ஏறக்குறைய ஆறடி நீளும். மீதி இரண்டடியில் சக்கரம் வைத்த நாற்காலியைப் போட்டால் நடக்க வழியில்லை. நிமிர்ந்து நிற்கும் சுவர்க்கட்டிலை இறக்கினால் ஏழடி போய்விடும், மிஞ்சுவது ஓரடி. நாலடி அகல மெத்தையைப் பக்கவாட்டில் மடக்கும் கட்டிலோ நாலரை அடிதான் வெளியே வரும். மூன்றரை அடி மிச்சமிருப்பதால், விருந்தாளி எழுந்திருக்கும் முன்பே ஒருவர் மேசையில் உட்கார்ந்துவிடலாம். சிறிய அறைக்கு இதுவே பொருத்தம். உள்பக்கம் உறங்குபவர் அடுத்தவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும் என்பது இதன் குறை. எதை வாங்குவதானாலும், முதலில் தரையில் சாக்பீஸால் அந்த அளவை வரைந்து, கதவையும் அலமாரியையும் திறந்து பார்த்துவிட வேண்டும்.

சுவர்க்கட்டில் முன்னால் சாயாமல் பிடித்து நிறுத்துவது சுவர்தான். கான்கிரீட்டிலும் கெட்டியான செங்கல்லிலும் ஆங்கர் போல்ட் பிடித்து நிற்கும். எடை குறைந்த ஏஏசி கல்லுக்கு அதற்கென்றே உள்ள ஆங்கர் வேண்டும். ஜிப்சம் தடுப்பில் நேரடியாக மாட்டவே கூடாது; கட்டில் பெட்டியோடு முன்னால் சாயும். வாடகை வீட்டில் துளையிட முடியாதவர்களுக்குச் சோபாவே வழி.

கட்டிலை ஏற்றி இறக்க உதவுவது கேஸ் ஸ்பிரிங். அதன் விசை மெத்தையின் எடைக்கு ஒத்துப்போக வேண்டும். மெத்தையைப் போட்டு, பாதியில் நிறுத்தி, கையைத் தளர்த்திப் பார்த்தால் தெரியும்: தடாலென்று இறங்கினால் விசை போதாது, தானே மேலேறினால் அதிகம். பிறகு கனமான மெத்தைக்கு மாறினால் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். நன்றாக இருந்த கட்டில் சில ஆண்டுகளில் வேகமாக விழத் தொடங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

சோபாவில் பார்க்க வேண்டியவை வேறு. மெல்லிய மெத்தையில் குறுக்குக் கம்பி முதுகில் உறுத்தும்; கடையிலேயே பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கலாம். விரித்தபின் தரையோடு தாழ்ந்துவிடும் வகைகள் முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு ஆகாது. ஊரிலிருந்து வருபவர் பெரும்பாலும் அவர்கள்தான் என்றால், உட்காரும்போது முழங்கால் மட்டத்துக்கு வரும் உயரமே வேண்டும்.