ஓர்ஸ் ஹில்லில் ஒரு நேர்காணல்: தனியாக ஆவணப்படம் எடுப்பவருக்கான குறிப்புகள்

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தனர் என்று முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஊரில் கமெரா தூக்கும் எவரும் இரண்டு விடயங்களை மறக்க முடியாது. பதிவு தெளிவாக இருக்கவேண்டும். அந்தப் பதிவு யாரையும் காட்டிக்கொடுக்கவும் கூடாது.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாயை ஓர்ஸ் ஹில்லில் அவரது வீட்டில் வைத்துப் பதிவுசெய்தேன். ஒலிக்கோ ஒளிக்கோ உதவியாளர் இல்லை. தனியாகச் செய்பவர் பேசுபவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். கேள்வி தொடங்கிய பின் கமெராவில் கைவைக்க நேரம் கிடைக்காது. ஆகவே எல்லா முடிவுகளையும் அதற்கு முன்பே எடுத்துவிடவேண்டும்.

முதலில் ஒலி. படம் கொஞ்சம் இருண்டாலும் பார்ப்பார்கள், பேச்சு விளங்காவிட்டால் எதுவும் மிஞ்சாது. அம்மா விறாந்தையில் இருந்து கதைக்க விரும்பினார். ஆனால் அது கச்சான் காற்று வீசும் காலம். ஹெட்போனைப் போட்டுக் கேட்டபோது காற்று ஒலிவாங்கியில் மோதி இரைந்தது. பஞ்சுறை போட்டும் அது முழுதாக அடங்கவில்லை. இந்த இரைச்சலைப் பிறகு கணினியில் நீக்க முயன்றால் குரலும் சேர்ந்தே கெடும். எனவே உள்ளறைக்கு மாறினோம். அங்கே மின்விசிறியையும் குளிர்சாதனப்பெட்டியையும் நிறுத்தினேன். திரும்பப் போட மறக்காமலிருக்க, என் மோட்டார் சைக்கிள் திறப்பைக் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்தேன். திறப்பில்லாமல் வீட்டுக்குப் போகமுடியாதல்லவா!

சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கியை நாடியிலிருந்து ஒரு சாண் கீழே பொருத்தவேண்டும். வயரைச் சேலைக்குள்ளால் விடும் வேலையை அம்மாவிடமே விட்டேன். சேலைத்தலைப்பு ஒலிவாங்கியில் உரசினால் சரசரவென்று கேட்கும், அதனால் தலைப்பை மறுபக்கம் ஒதுக்கச் சொன்னேன். “காலமை என்ன சமைச்சனீங்கள், அம்மா?” என்று கேட்டு, அவர் இயல்பாகப் பேசும்போது ஒலி அளவு -12 dB அளவில் நிற்கும்படி வைத்தேன். அழும்போதோ கோபப்படும்போதோ குரல் உயர்ந்தாலும் ஒலி உடையாமலிருக்க அந்த இடைவெளி தேவை. மேசையில் இரண்டாவது பதிவுக்கருவியும் ஓடியது. தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் இரண்டு ஒலிகளையும் பிறகு பொருத்துவது சுலபம்.

அடுத்தது சட்டகம். கமெராவை முக்காலியில் பூட்டி, வில்லையை அவரது கண் உயரத்தில் வைத்தேன். அவர் முன்னே சாய்ந்தாலும் கை அசைத்தாலும் சட்டகத்துக்கு வெளியே போகாதபடி, வழமையைவிடச் சற்று அகலமாக எடுத்தேன். 4K பதிவென்றால் தொகுப்பில் நெருக்கமாக வெட்டிக்கொள்ளலாம். வில்லைத் துளை f/4 அளவில் இருந்ததால், சிறிது அசைந்தாலும் முகம் மங்கவில்லை. என் கதிரையை வில்லைக்குப் பக்கத்திலேயே போட்டேன். பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு கடைக்கண்ணில் தெரியவேண்டும். சில பழைய கமெராக்கள் அரை மணித்தியாலத்தில் தானாகவே நின்றுவிடும்.

முகம் தெரியவேண்டாம் என்று அம்மா கேட்டிருந்தார். முதலில் யன்னலுக்கு முன்னால் இருத்தி நிழலுருவாக எடுக்க நினைத்தேன். பரீட்சைப் பதிவைக் கணினியில் போட்டு வெளிச்சத்தைக் கூட்டியபோது முகம் தெரிந்தது. யன்னலுக்கு வெளியே துறைமுகமும் தெரிந்தது. தண்ணீர் தெரியும் கோணத்தை வைத்தே, ஊரை அறிந்தவர் வீட்டைக் கண்டுபிடிப்பார். யன்னலை மூடி, மடியிலிருந்த கைகளையும் மகனின் சட்டையையும் மட்டும் எடுத்தேன். எடுக்காத முகத்தை எவராலும் வெளிச்சமாக்கமுடியாது. குரலை வைத்தும் ஆளை அறியலாம் என்பதை அவரிடம் சொல்லி, அதற்கும் சம்மதம் பெற்றேன். தொலைபேசியில் எடுப்பவர்கள் கமெராவுக்கான இடவசதியை, அதாவது லொகேஷனை, முன்பே நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் வீடு இருக்கும் இடம் கோப்பிலேயே பதிந்துவிடும்.

கடைசியாக, பதிவின் பாதுகாப்பு. நொடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் 64 ஜிபி காட் ஏறத்தாழ 80 நிமிடம் தாங்கும். நிரம்பிய காட்டை அங்கேயே கடவுச்சொல் பூட்டுள்ள வன்தட்டில் பிரதி செய்து, முதல், நடு, கடைசிப் பகுதிகளை ஓடவிட்டுப் பார்த்தேன். காட்டும் வன்தட்டும் ஒரே பையில் போகக்கூடாது. வீதியில் ஒரு பை பறிபோனாலும் மற்றது மிஞ்சும். பறித்தவர் அதைத் திறந்து பார்ப்பார் என்பதால், காட்டில் பெயரும் முகவரியும் பேசப்படாமல் பார்த்துக்கொண்டேன். மகனின் பெயரைத் தாளில்கூட எழுதவில்லை.

கமெராவில் படிந்த உப்பை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். உலர்ந்த துணியை முதலில் போட்டால் உப்புத்துகள் வில்லையைக் கீறும்.

புறப்படுமுன் யாரும் பேசாமல் அந்த அறையின் வெறும் ஒலியை 30 விநாடி பதிந்தேன். வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும். அம்மா அசையாமல் இருந்தார். பிறகு எழுந்து, குளிர்சாதனப்பெட்டியைத் திறந்து என் திறப்பை எடுத்துத் தந்தார்.