ஆயத்த மின்னழுத்தம்

ஆயத்த மின்னழுத்தம் என்பது, ஒருவர் தானாக விரும்பிக் கையையோ விரலையோ அசைப்பதற்கு ஒரு வினாடி முன்பிருந்து உச்சந்தலையில் மெல்லப் பெருகும் எதிர்மின் அலை. மனிதனின் சுயவிருப்பம் பற்றிய இன்றைய நரம்பியல் விவாதம் இதிலிருந்தே தொடங்கியது.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஹான்ஸ் ஹெல்முட் கோர்ன்ஹூபரும் அவருடைய மாணவர் லூடர் டீக்கெயும் 1964-இல் இதைக் கண்டறிந்தனர். அலையின் அளவு சில மைக்ரோவோல்ட் மட்டுமே. மூளையின் மற்ற மின்னலைகளுக்குள் அது மறைந்துவிடும். பலமுறை பதிந்து சராசரி எடுத்தால்தான் தெரியும். ஆனால் அசைவு எப்போது வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே பதிவுகளைக் காந்த நாடாவில் சேமித்து, நாடாவைப் பின்னோக்கி ஓட்டி, அசைவுக் கணத்தைத் தொடக்கமாக வைத்துச் சராசரி கண்டனர். இந்த எளிய உத்திதான் கண்டுபிடிப்பின் உயிர்நாடி; பின்னாளில் எழுந்த மிகக் கூர்மையான மறுப்பும் இதன் மீதே எழுந்தது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட சோதனை இதனை மெய்யியலுக்குள் கொண்டுவந்தது. 2.56 வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும் ஒளிப்புள்ளியைப் பங்கேற்றோர் பார்த்தபடி இருந்தனர். அசைக்கத் தோன்றும்போது மணிக்கட்டை அசைத்து, அசைக்கும் எண்ணம் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு கூறினர். முன்கூட்டித் திட்டமிடாத அசைவுகளில் அலை சுமார் 550 மில்லிவினாடி முன்பே தொடங்கியது. எண்ணமோ சுமார் 200 மில்லிவினாடி முன்புதான் உணரப்பட்டது. மூளை முதலில் தொடங்குகிறது, நாம் பிறகே அறிகிறோம் என்பது லிபெட்டின் முடிவு. எழுந்த உந்துதலைக் கடைசி நொடியில் தடுக்கும் ஆற்றல் மனத்துக்கு உண்டு என்றும் அவர் கருதினார்.

புள்ளியின் இடத்தை நினைவிலிருந்து சொல்வது நம்பத்தக்கதா என்ற ஐயம் உடனே எழுந்தது. அசைவுக்குச் சற்றுப் பின் ஒலியைக் கேட்கச் செய்தாலே, எண்ணம் எழுந்ததாகச் சொல்லும் நேரமும் பிந்துவதை 2009-இல் பேங்க்ஸ், ஈஷம் இருவரும் காட்டினர்.

லிபெட் முடிவின் அடிப்படையையே அசைத்தது ஆரன் ஷர்கர் குழுவின் 2012 ஆய்வு. மூளையில் மின்செயல்பாடு எந்நேரமும் தற்செயலாக ஏறி இறங்குகிறது. அவசரமில்லாமல் அசைவுக்குக் காத்திருப்பவருக்கு, இந்த ஏற்றம் ஒரு வரம்பைத் தொடும்போது அசைவு நிகழலாம். அசைவு நிகழ்ந்த கணங்களை மட்டும் தேர்ந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால், ஒவ்வொன்றிலும் அதற்கு முந்தைய ஏற்றமே அகப்படும். ஏறி வரம்பைத் தொடாமல் தணிந்தவை கணக்கில் வருவதே இல்லை. அப்படியானால் அலையின் தொடக்கம் முடிவெடுத்த கணமாகாது; வரம்பைக் கடந்த இறுதிக் கணமே முடிவு. அது எண்ணம் உணரப்படும் நேரத்துக்கு நெருக்கமானது. லிபெட்டின் கால இடைவெளி இதனால் பொருளிழக்கிறது. எதிர்பாராத ஒலி கேட்டதும் அசைக்கச் சொன்னபோது, விரைந்து அசைத்த தடவைகளில் ஒலிக்கு முன்பே எதிர்மின் ஏற்றம் இருந்தது இக்கருத்தோடு பொருந்துகிறது.

2019-இல் ஊரி மாவோஸ் குழு, நன்கொடை எந்த அமைப்புக்குச் சேரவேண்டும் என்று எடைபோட்டு எடுத்த முடிவுகளுக்கு முன் இவ்வலை ஏறக்குறைய இல்லாததைக் கண்டது.