கல்முனைக் கரையோர மாடிக் குடியிருப்புகளில் இடிதாங்கிப் புவித்தொடுப்பு: மணலின் தடைத்திறனைத் தீர்மானிக்கும் ஆழமும் பருவமும்

கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்கள் கடலுக்கும் வயல்வெளிக்கும் இடைப்பட்ட மணற்பட்டியில் அமைந்தவை. இங்கு உயரமான மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு இடிதாங்கி வடிவமைப்பவர் மணலுக்கு ஒரே தடைத்திறனைக் கொண்டால் கணக்குப் பிழைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மேலே காய்ந்த மணல், கீழே நீர் ஊறிய மணல் என நிலம் இரு படைகளாக உள்ளது. மாரியில் நீர்மட்டம் மேலெழும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கீழிறங்கும். இடைப்பருவப்பெயர்ச்சி இடிமழை ஒக்டோபரில் தொடங்கும்போது மேல்மணல் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். ஆகவே வரட்சிக்கால நிலையே வடிவமைப்புக்கு அடிப்படையாக வேண்டும்.

காய்ந்த மணலுக்கு 1000 ஓம்-மீற்றர், ஈர மணலுக்கு 50 ஓம்-மீற்றர், வரட்சியில் நீர்மட்டம் 2 மீற்றர் ஆழம் என எடுகோள் கொள்வோம். தனிக்கோல் ஒன்றின் தடைக்குரிய சூத்திரம்:

R = (ρ / 2πL) [ln(8L/d) − 1]

16 மில்லிமீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீளமும் உள்ள கோல், மாரியில் மணல் முழுதும் ஊறியிருக்கையில் ஏறத்தாழ 24 ஓம் காட்டும். வரட்சியில் அதுவே 470 ஓம் ஆகும். 6 மீற்றர் கோலை இறக்கினால், மேல் 2 மீற்றரைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், ஈரப்படையிலுள்ள 4 மீற்றர் மட்டுமே 13 ஓம் தரும். அத்தகைய நான்கு கோல்களைக் கட்டடத்தின் மூலைகளில் இறக்கி இணைத்தால், அவை ஒன்றையொன்று பாதிப்பதையும் சேர்த்து, மொத்தம் சுமார் 4 ஓம். ஐஇசி 62305-3 பரிந்துரைக்கும் 10 ஓமுக்கு இது உட்பட்டது.

ட்ரிப் சுவிட்ச் வேலை செய்வதை மட்டும் வைத்துப் புவித்தொடுப்பு நன்று என முடிவுகட்டுவது தவறு. 30 மில்லியம்பியர் சுவிட்சுக்கு 50 வோல்ற்று எல்லையில் 1600 ஓம் அளவு தடைகூடப் போதும்; எனவே 470 ஓம் கோல் அச்சோதனையில் தேறிவிடும். மின்னலுக்கு அது உதவாது. 30 கிலோஅம்பியர் மின்னோட்டம் 4 ஓமில் பாய்ந்தாலே 120 கிலோவோல்ற்று எழும். ஆகவே தடையைக் குறைப்பதோடு, உலோக நீர்க்குழாய், லிஃப்ட் தண்டவாளம், மின்வழங்கற் புவிக்கம்பி அனைத்தையும் ஒரே புவிச்சட்டத்தில் இணைத்து, பிரதான பலகையில் மின்னெழுச்சிக் காப்பையும் பொருத்த வேண்டும்.

ஆழ அத்திவாரத் தூண்களின் கம்பிகளைக் கொங்கிறீற்று இடுமுன்னரே தொடர்ச்சியாக இணைத்தால், ஈரமணலில் நிற்கும் அவையே நல்ல புவிமுனையாகும். ஆனால் அவற்றோடு நாகம் பூசிய இரும்புக்கோலை இணைத்தால், உவர்நீரில் அக்கோலே முதலில் அரிக்கப்படும்; செம்பு அல்லது துருப்பிடிக்கா உருக்கு தகும்.

நான்கு முளை முறையில் இடைவெளியை 1 மீற்றரிலிருந்து 8 மீற்றர் வரை கூட்டி அளக்கையில் தடைத்திறன் படிப்படியாகக் குறைந்தால், கீழே ஈரப்படை இருப்பது உறுதி. அவ்வளவீட்டைக் கச்சான் காலத்தில் எடுத்து, மாதத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அக்குறிப்பில்லாத தடைத்திறன் எண்ணை இக்கரையில் வடிவமைப்புக்கு ஏற்கலாகாது.