பல்லிவாசலும் பள்ளிவாசலும்: எங்கள் விரல்கள் எழுதிய தமிழின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் நாளாந்தம் வரும் அறிவித்தல்களைப் பாருங்கள். "பல்லிவாசலில் கூட்டம்", "தொலுகை நேரம் மாற்றம்", "நொன்பு கஞ்சி விநியோகம்". வாசிக்கிற எவரும் தடுமாறுவதில்லை. சத்தமாக வாசித்தால் சொல்ல வந்தது விளங்கிவிடும். ஆனால் ஒருவர் நக்கலடிப்பார், இன்னொருவர் "தமிழ் தெரியாத ஆக்கள்" என்று எழுதுவார். இந்தக் குற்றச்சாட்டு சரியா என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் பார்த்த அளவில், இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை தமிழ் தெரியாததால் வந்தவை அல்ல. அவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தமிழ் தட்டச்சின் கதை எங்கள் பக்கத்தில்தான் தொடங்குகிறது. தமிழ் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போய், அங்கே வேலை செய்த காலத்தில் அதை வடிவமைத்தார். அந்தப் பொறியில் ல ஒரு விசை, ள இன்னொரு விசை, ழ வேறொரு விசை. அடிப்பவர் எழுத்தின் உருவத்தைத் தேடித்தான் அடிக்க வேண்டும். ஒலிக்கும் விசைக்கும் எந்த உறவும் கிடையாது.

கணினி வந்த பிறகும் யாழ்ப்பாணத்தில் பல காலம் இதே வழிதான் நடந்தது. அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் இருந்தது பாமினி எழுத்துரு. பாமினியில் "தமிழ்" என்று எழுத jkpo; என்று அடிக்க வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பலருக்கு அது நினைவிருக்கும். இதிலே "நாள்" என்பது ehs; ஆகும். "நால்" என்று வர வேண்டுமானால் ehy; என்று அடிக்க வேண்டும். s இடது கையில், y வலது கையில். ஆகவே விரல் தவறி ல, ள மாற வழியே இல்லை. விரல் தவறினால் பக்கத்து விசைதான் விழும். s க்குப் பக்கத்தில் d. அப்போது ehd; ஆகி "நாள்" என்பது "நான்" ஆகிவிடும். ஒலிக்கும் பிழைக்கும் தொடர்பே இல்லாத பிழை அது. பாமினியில் அடித்த ஒரு நோட்டீசில் ல, ள மாறியிருந்தால், அது அடித்தவருடைய எழுத்தறிவுப் பிழை என்று அநேகமாகத் துணிந்து சொல்லலாம்.

இன்றைய பிழைகள் வேறு வழியில் வந்தவை. கடல் கடந்து போன தமிழர்கள் 1980களிலும் 1990களிலும் கணினியில் தமிழ் எழுத முனைந்தபோது, அவர்கள் கையில் இருந்தது ஆங்கில விசைப்பலகை. தமிழ் விசைகளை மனப்பாடம் செய்ய எல்லோருக்கும் நேரமில்லை. ஆகவே ammaa என்று அடித்தால் அம்மா என்று வருகிற முறையைச் செய்தார்கள். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இந்த முறையைப் பரப்பியதில் முக்கியமானது. பிறகு எ-கலப்பை வந்தது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி தமிழ்99 என்ற தனி விசைப்பலகை வந்தது. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகையை ஒட்டி SLS 1326:2008 என்ற தரம் வந்தது. இரண்டிலும் ல, ள, ழ தனித்தனி விசைகள்தான். ஆனால் சனம் பிடித்துக்கொண்டது அஞ்சல் முறையைத்தான். காரணம் எளிது, ஆங்கில எழுத்து தெரிந்தால் போதும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் l ஒன்றுதான், எங்களுக்கு மூன்று. r ஒன்று, எங்களுக்கு இரண்டு. n ஒன்று, எங்களுக்கு ந, ன, ண. அஞ்சல் முறை இதைப் பெரிய எழுத்தால் சமாளித்தது. l அடித்தால் ல், L அடித்தால் ள், z அடித்தால் ழ். r என்றால் ர், R என்றால் ற். N என்றால் ண். சொல்லின் முதலில் n அடித்தால் ந் வரும், நடுவில் அடித்தால் ன் வரும், நடுவிலும் ந் வேண்டுமானால் w. அதாவது முன்பு தனித்தனி விசைகளாக இருந்த ல், ள் இப்போது ஒரே விசை. வித்தியாசம் ஒரு ஷிப்ட் மட்டும். அவசரத்தில் ஷிப்ட் விடுபட்டால் பள்ளி பல்லியாகும். ஒலி கிட்டத்தட்ட அதேதான், ஆனால் சொல் சுவரில் ஊர்கிறது.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துப் பார்ப்போம். திருநெல்வேலியை பஸ்ஸிலும் பெயர்ப்பலகையிலும் ஆங்கிலத்தில் எழுதுகிறபடி அப்படியே அஞ்சலில் அடித்தால் என்ன வரும்?

```
thirunelvely  →  திருனெல்வெல்ய்
thirunelveli  →  திருனெல்வெலி
thiruwelveeli →  திருநெல்வேலி
```

முதல் வரியில் மூன்று பிழை. n சொல்லின் நடுவில் வந்ததால் ன ஆனது. அது விதியின் வேலை. ve என்பது குறில் ஆனது, ஆங்கிலத்தில் நெடில் காட்டும் வழக்கம் இல்லாததால். கடைசி y இ ஆகவில்லை, ய் ஆகிவிட்டது. அந்த y ஆங்கிலேயர் எழுத்துக்கூட்டிய முறையிலிருந்து வந்தது. அடித்தவருக்குத் தன் ஊரின் பெயர் தெரியாதா? தெரியும். அவருடைய கை ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றியது, அவ்வளவுதான்.

உயிர் நீளத்திலும் இதே கதை. பாடசாலையில் ee என்றால் ஈ, oo என்றால் ஊ என்று ஆங்கிலத்தில் படித்திருக்கிறோம். அஞ்சலில் ee என்றால் ஏ, oo என்றால் ஓ. ஆகவே veedu என்று அடித்தால் வேடு வரும். poo என்றால் போ. oor என்றால் ஓர். வீட்டைக் கேட்டவருக்கு வேட்டுவர் கூட்டம் கிடைக்கிறது. பூவைக் கேட்டவரைப் போ என்கிறது. ii, uu என்று அடித்தால் சரியாக வரும், ஆனால் எந்த ஆங்கில வகுப்பில் அப்படிப் படித்தோம்? யாழ் என்ற சொல்லுக்கும் இந்தக் கதி உண்டு. தமிழ்நாட்டில் ழ வை zh என்று எழுதுவார்கள், எங்கள் பக்கத்தில் yarl என்று rl போடுவோம். அதை அப்படியே அடித்தால் யர்ல் என்று வரும். yaaz என்று அடித்தால்தான் யாழ்.

ஆசிரியர்களாக நாங்கள் கவனித்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சில் ழ வும் ள வும் கலந்துவிடும். பழம் என்பதைப் பளம் என்றுதான் பலர் சொல்கிறோம். ஆகவே சொல்வதெழுதலில் பிள்ளை பிழைவிட்டால் பெரும்பாலும் "பளம்" என்று எழுதும். அதே பிள்ளை போனில் அடிக்கும்போது வருவது "பலம்". பளம் காதிலிருந்து வந்த பிழை, பலம் விசையிலிருந்து வந்த பிழை. இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பேனைக் கோடு போட்டுவிட்டு, எழுத்தை இருபது தரம் எழுதச் சொன்னால், முதல் பிள்ளைக்குப் பயன் உண்டு. இரண்டாவது பிள்ளைக்கு ழ வுக்கு எந்த விசை என்று காட்டினால் போதும்.

பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. 2000களின் பிற்பகுதியில் கூகுள் ஒலிபெயர்ப்பு வந்ததிலிருந்து பெரிய எழுத்தும் தேவையில்லை. palli என்று அடித்தால் பள்ளி, பல்லி என்று தெரிவுகள் தரும், நாம் தொட்டு எடுக்க வேண்டும். இது வசதிதான், ஆனால் பிழையின் குணம் மாறிவிட்டது. அஞ்சலில் விசை மாறினாலோ விடுபட்டாலோ தொலுகை, நொன்பு, திருனெல்வெலி என்று பெரும்பாலும் இல்லாத சொற்கள் வந்தன. கண்ணில் குத்தும், திருத்துவோம். பட்டியலிலிருந்து எடுக்கும்போது வருவது அநேகமாக உண்மையான சொல், ஆனால் வேறு சொல். பழத்துக்குப் பலம், வலிக்கு வழி, கூறுக்குக் கூரு அல்ல, கூர். கண் தாண்டிப் போய்விடும். ஓர் அறிவித்தலில் இல்லாத சொல் இருந்தால் எழுத்தெழுத்தாக அடித்திருக்கிறார் என்றும், பொருந்தாத நல்ல சொல் இருந்தால் தெரிவிலிருந்து எடுத்திருக்கிறார் என்றும் ஓரளவு ஊகிக்கலாம்.

எல்லா வேறுபாட்டையும் பிழை என்று சொல்லவும் கூடாது. ற சொல்லுக்கு முதலில் வராது என்பது பழைய இலக்கணம். ஆனால் இலங்கையில் எங்கள் சமூகத்தில் றஹீம், றிஸ்வான், றபீக் என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். ரொறன்ரோ, ரீவி, ரிக்கற் என்று ஆங்கில t க்கு ர, ற போடுவதும் ஈழத்து வழக்கம்தான். தமிழ்நாட்டில் அதற்கு ட. அஞ்சலில் t என்றால் ட். ஆகவே இந்தச் சொற்களில் எங்கள் வழக்கப்படி எழுத வேண்டுமென்றால் t யை மறந்துவிட்டு r, R ஐத் தேட வேண்டும். டிவி என்று ஒரு பிள்ளை எழுதினால் அதுவும் பிழையில்லை, இன்னொரு கரையின் வழக்கம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விடயமாக இருந்திருக்கும், தேடல் என்ற ஒன்று இல்லாவிட்டால். மனிதர் வாசித்தால் ஒலி உதவும். பொறிக்கு ஒலி கேட்காது. யுனிகோட் அட்டவணையில் ர, ற, ல, ள, ழ ஐந்தும் அடுத்தடுத்து இருக்கின்றன, U+0BB0 முதல் U+0BB4 வரை. அயல்வீட்டுக்காரர்தான், ஆனால் ஐந்தும் தனித்தனி எண்கள். எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கிற தேடலுக்கு ஓர் எண் மாறினால் அது வேறு சொல்.

1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு எங்கள் ஆட்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் சிதறினார்கள். இன்று பழைய வகுப்புத் தோழரைத் தேடுவதும், பழைய தெருவின் படத்தைத் தேடுவதும் பேஸ்புக்கிலும் நூலகம் தளத்திலும்தான். ஒருவர் sonakaththeru என்று அடித்துப் படத்துக்குத் தலைப்புப் போட்டால் அது சொனகத்தெரு. சோனகத்தெரு என்று தேடுகிறவருக்கு அது அகப்படாமல் போகலாம். osmaniya என்று அடித்தால் ஒச்மனிய. oSmaaniyaa என்று அடித்தால்தான் ஒஸ்மானியா. படம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், இரண்டும் சந்திப்பதில்லை.

ஆகவே தேடுகிறவர்களுக்கு ஒரு வழி. சொல்லில் எந்தெந்த இடத்தில் விரல் தவறியிருக்கும் என்று பாருங்கள். றஹீம் என்றால் முதல் எழுத்து ர அல்லது ற, நடுவில் ஹி அல்லது ஹீ. இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு: றஹீம், ரஹீம், றஹிம், ரஹிம். நான்கையும் தேடுங்கள். ஹ வுக்குக் க போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, ஆகவே ரகீம், றகீம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர் என்றால் முதலில் குறில் நெடிலை மாற்றிப் பாருங்கள், பிறகு ல, ள, ழ வை. படம் போடுகிறவர்கள் தலைப்பில் பெயரை ஒருமுறை தமிழிலும் ஒருமுறை ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள், ஆங்கிலத்தில் தேடுகிறவருக்காவது கிடைக்கும்.

சோனகத்தெரு, ஒஸ்மானியா பற்றிய பழைய படங்கள் உங்களிடம் இருந்தால் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். பெயர் எப்படி அடிபட்டாலும் பரவாயில்லை, நாங்கள் திருத்தித் தருகிறோம்.