கருணைக்கொலை (கறவை மாடு)

கன்று ஈன்ற பசு படுத்துவிட்டு எழ முடியாமல் கிடந்தால், பிழைக்குமா என்பதைக் கணித்த பிறகே கருணைக்கொலை பற்றி முடிவெடுக்க வேண்டும். இப்படி எழ முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ரத்தத்தில் கால்சியம் குறையும் பால் காய்ச்சல். சிரை வழியாகக் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும்.

எழாத மாட்டுக்கு வேறொரு ஆபத்து தொடங்குகிறது. அதன் உடல் எடையே கீழ்ப்பக்கத் தொடைத் தசையையும் நரம்பையும் நசுக்குகிறது. சிமெண்டுத் தரையில் இது விரைவில் நேரும். அதனால் தடித்த வைக்கோல் அல்லது மணல் படுக்கையில் கிடத்தி, மூன்று நான்கு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் போட வேண்டும்.

நெஞ்சை ஊன்றி உட்கார்ந்து, தீனி தின்று, எழ முயலும் மாட்டுக்குச் சில நாள் அவகாசம் தரலாம். தலை சாய்ந்து பக்கவாட்டில் கிடந்து, தீனியை மறுத்து, நாளுக்கு நாள் மோசமானால் நம்பிக்கை குறைவு. தொடை எலும்பு முறிந்த பெரிய மாட்டில் காத்திருப்பது வலியை நீட்டிப்பது மட்டுமே. எழ முடியாத மாட்டை உயிரோடு கயிறு கட்டி இழுத்து வண்டியில் ஏற்றுவது கொடுமை.

கருணைக்கொலை என்று முடிவானால், கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்தபின் பென்டோபார்பிட்டலைச் சிரையில் செலுத்துவார். இதயத்துடிப்பு நின்று, கருவிழியைத் தொட்டாலும் இமை அசையாதிருந்தால்தான் இறப்பு உறுதி. மருந்து உடலில் தங்குவதால், அதைத் தின்னும் நாயும் கழுகும் சாகக்கூடும். அதனால் சடலத்தை ஆழமாகப் புதைக்க வேண்டும்.